சுழலாத பந்து ஏன் தள்ளாடுகிறது?

நுழையும்முன்

கைப்பந்து ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சர்வீசில் தொடங்குகிறது. எதிரணியின் இடையூறு சிறிதும் இன்றி ஒருவர் பந்தைத் தம் விருப்பம்போல் அடிக்கும் வாய்ப்பு அந்த ஒரு கணத்தில் மட்டுமே கிடைக்கும். அவ்வாய்ப்பைப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. பந்தை வேகமாகச் சுழலவிட்டு அடிப்பது ஒன்று. சிறிதும் சுழலாமல் அடிப்பது மற்றொன்று. சுழலாத பந்து மெதுவாகவே வருகிறது. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர்களும் அதனை எடுக்கத் தடுமாறுகின்றனர். இதற்கான காரணத்தை இப்பாடத்தில் அறிவோம்.

இருவகைச் சர்வீஸ்

கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் நடுவே வலை கட்டப்பட்டிருக்கும். ஆடவர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர்; மகளிர் ஆட்டத்தில் 2.24 மீட்டர். நடுவர் ஊதல் ஒலித்த 8 நொடிகளுக்குள், பின்கோட்டுக்கு வெளியே இருந்து பந்தை அடிக்க வேண்டும்.

குதித்து அடிப்பது ‘ஜம்ப் சர்வீஸ்’ எனப்படும். ஆட்டக்காரர் பின்கோட்டுக்குச் சில மீட்டர் பின்னால் நின்று பந்தை உயரமாக முன்னோக்கி எறிவார்; மூன்று நான்கு அடிகள் ஓடிவந்து, கோட்டுக்கு வெளியே கால் ஊன்றித் துள்ளி எழுவார்; உச்சியில் பந்தின் மேற்பகுதியைக் கை தழுவும்படி மணிக்கட்டை மடக்கி ஓங்கி அடிப்பார். அதனால் பந்து முன்னோக்கி உருளும் சக்கரம்போல் சுழன்றுகொண்டே பாயும். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரேசில் ஆடவர் அணி இம்முறையை உலகறியச் செய்தது. இன்று சிறந்த ஆடவர் அடிக்கும் இவ்வகைப் பந்து மணிக்கு 120 கிலோமீட்டரையும் கடந்து செல்வதுண்டு.

சுழலாமல் அடிப்பது ‘ஃப்ளோட் சர்வீஸ்’, அதாவது மிதக்கும் சர்வீஸ். இதற்கு ஓட்டமோ உயரமான எறிதலோ தேவையில்லை. ஆட்டக்காரர் பந்தைத் தம் தலைக்குச் சற்று மேலே, சுழலாதபடி மெல்லத் தூக்கிவிடுவார். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் குத்துவதுபோல் அடிப்பார். அடித்தவுடன் கையை நிறுத்திவிடுவார். இன்று பலர் சிறிது குதித்தும் இதனை அடிக்கின்றனர். குதித்தாலும் நின்றாலும் அடியின் இயல்பு ஒன்றே: பந்து சுழலக்கூடாது.

ஜம்ப் சர்வீசின் பந்து பின்கோட்டிலிருந்து எதிர்க்கோடு வரை செல்ல ஏறத்தாழ 0.8 நொடி ஆகும். ஃப்ளோட் சர்வீசின் பந்துக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். எடுப்பவருக்குக் கூடுதல் நேரம் கிடைத்தும் அவர் ஏன் தவறுகிறார்? இதற்கு விடை காண, பந்தைச் சூழ்ந்த காற்றைக் கவனிக்க வேண்டும்.

பந்தின் பின்னே ஒரு வால்

மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின் தூணைப் பார்த்திருப்பீர்கள். தூணின் முன்புறத்தில் நீர் இரண்டாகப் பிரிந்து ஒழுங்காக ஓடுகிறது. பின்புறத்திலோ சுழிகள் தோன்றுகின்றன. தூணைத் தழுவி வந்த நீர் அதன் பின்புறம் முழுவதையும் தழுவ இயலாமல் இடையிலேயே விலகிவிடுவதே அதற்குக் காரணம். பறக்கும் பந்துக்கும் இதுவே நிகழ்கிறது. காற்று பந்தின் முன்புறத்தைத் தழுவி வருகிறது. ஓரிடத்தில் பந்தைவிட்டு விலகுகிறது. பின்னே சுழல்கள் நிறைந்த ஒரு வால் உருவாகிறது. இதனைச் சுழல்வால் என்போம். இந்தச் சுழல்வாலில் காற்றழுத்தம் குறைவு. எனவே அது பந்தைப் பின்னோக்கி இழுக்கிறது. வால் அகலமானால் இழுப்பு மிகுதி. வால் ஒடுங்கினால் இழுப்பு குறைவு.

சுழல்வாலின் அகலத்தை முடிவு செய்வது எது? பந்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று செல்கிறது. அதற்கு எல்லைப்படலம் என்று பெயர். பந்து மெதுவாகச் செல்லும்போது இப்படலம் சீராக, அமைதியாக ஓடுகிறது. அமைதியாக ஓடும் படலம் விரைவில் வலுவிழந்து, பந்தின் நடுப்பகுதியிலேயே விலகிவிடுகிறது. ஆகவே வால் அகன்றுவிடுகிறது. பந்து ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் படலம் கொந்தளிக்கத் தொடங்குகிறது. கொந்தளிக்கும் படலம் வெளியே விரைந்தோடும் காற்றோடு கலந்து புதிய வலிமை பெறுகிறது. அதனால் பந்தை நெடுந்தூரம் பற்றிக்கொண்டு, பின்புறத்தில்தான் விலகுகிறது. வால் ஒடுங்குகிறது, காற்றுத்தடை திடீரெனக் குறைகிறது.

இவ்வியப்பை முதலில் கண்டவர்களுள் ஒருவர், பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈபிள். அவர் தம் காற்றுச் சுரங்கத்தில் உருண்டைகளை வைத்துக் காற்றுத்தடையை அளந்தார். அவருடைய அளவும், ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வகத்தில் கிடைத்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்குக்கும் மேலாக இருந்தது. யாருடைய கணக்கு தவறு என்ற ஐயம் எழுந்தது. ஈபிள் வெவ்வேறு வேகங்களில் மீண்டும் அளந்து பார்த்தார். ஒரு வேகத்திற்கு மேல் காற்றுத்தடை சட்டெனக் குறைவதை 1912இல் அறிவித்தார். இரண்டு ஆய்வகங்களும் சரியாகவே அளந்திருந்தன. அளந்த வேகங்கள்தாம் வேறு. 1914இல் கோட்டிங்கன் அறிஞர் லுட்விக் பிராண்டல், உருண்டையின் மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றினார். கம்பி எல்லைப்படலத்தைக் கொந்தளிக்கச் செய்ததால், குறைந்த வேகத்திலேயே காற்றுத்தடை குறைந்தது. மேற்பரப்பில் உள்ள சிறு மேடும் காற்றின் போக்கை மாற்றும் என்பது இதனால் தெளிவாயிற்று.

கைப்பந்தின் மேலும் அத்தகைய மேடுபள்ளங்கள் உள்ளன. அதன் தோல் துண்டுகள் சேரும் இடங்களில் கோடுகள் பள்ளமாக ஓடுகின்றன. இவையே நம் கதையின் மையம்.

திடீர்ச் சரிவு

காற்றுத்தடை மாறும் அந்த வேகத்தை எல்லைவேகம் என்று அழைப்போம். கைப்பந்துக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டரை ஒட்டி அமைகிறது. பந்தின் வகைக்கும், அதன் எந்தப் பக்கம் முன்னோக்கி இருக்கிறது என்பதற்கும் ஏற்ப இது சற்றுக் கூடும், குறையும். ஃப்ளோட் சர்வீசின் வேகம் இந்த எல்லையைச் சுற்றியே இருப்பது குறிப்பிடத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பந்தின் எடை சுமார் 270 கிராம். ஆட்டக்காரர் பின்கோட்டுக்கு ஒரு மீட்டர் பின்னே நின்று, நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் சுழலின்றி அடிக்கிறார். எல்லைவேகம் நொடிக்கு 15 மீட்டர் எனக் கொள்வோம். தொடக்கத்தில் பந்தின் வேகம் எல்லைவேகத்தைவிட மிகுதி. எனவே சுழல்வால் ஒடுக்கம். காற்று பந்தைப் பின்னிழுக்கும் விசை, சுமார் 135 கிராம் எடைக்கு ஒப்பானது. பந்து சிறிது சிறிதாக வேகம் குறைந்து, 10 மீட்டர் தொலைவில் உள்ள வலையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தாண்டுகிறது. அப்போது பின்னிழுக்கும் விசை சுமார் 95 கிராம் எடையளவாகக் குறைந்திருக்கும்.

இனித்தான் மாற்றம் நிகழ்கிறது. வேகம் எல்லைக்குக் கீழே இறங்கியதும் எல்லைப்படலம் அமைதியாகிறது, விரைவில் விலகுகிறது, சுழல்வால் அகல்கிறது. பின்னிழுக்கும் விசை 95 கிராம் எடையளவிலிருந்து சுமார் 210 கிராம் எடையளவுக்கு உயர்ந்துவிடுகிறது. வேகம் குறைந்த பந்தைக் காற்று முன்னைவிட வலிமையாகப் பிடித்து இழுக்கிறது! பந்து தடை போட்ட மிதிவண்டிபோல் தயங்கி, முன்னேறும் தூரத்தைக் குறைத்துக்கொண்டு கீழே சரிகிறது. இம்மாற்றம் நிகழாதிருந்தால் விழுந்திருக்கக்கூடிய இடத்திற்குச் சுமார் அரை மீட்டர் முன்னதாகவே அது தரையைத் தொடும்.

எடுப்பவர் பந்தின் முதற்பாதியைப் பார்த்து, அது எங்கே வரும் என முடிவு செய்து நிற்கிறார். இரண்டாம் பாதியில் பந்து வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. இதுவே ‘பந்து சட்டென இறங்கிவிட்டது’ என்று ஆட்டக்காரர் கூறுவதன் பொருள்.

அடி மிக மெதுவாக அமைந்தால் இவ்விளைவு இராது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து தொடக்கம் முதல் அகன்ற வாலுடனேயே செல்கிறது. நடுவழியில் மாறுவதற்கு ஒன்றுமில்லை. மாறாக, மிக வேகமாக அடித்த பந்து எல்லைவேகத்துக்கு இறங்கும் முன்பே களத்தைக் கடந்துவிடும். எனவே ஃப்ளோட் சர்வீசில் வலிமையைவிட வேகத்தின் அளவே முதன்மையானது.

இடமும் வலமும்

சரிவுக்கான காரணத்தைக் கண்டோம். பந்து பக்கவாட்டில் தள்ளாடுவது ஏன்? எல்லைவேகத்தை ஒட்டிப் பறக்கும் பந்தின் எல்லைப்படலம் இரு நிலைகளுக்கு இடையே ஊசலாடுகிறது. பந்தின் இடப்பக்கத்தில் ஒரு தையற்கோடு காற்றுக்குக் குறுக்கே அமைந்திருந்தால், பிராண்டலின் கம்பியைப்போல் அது அப்பக்கத்தில் கொந்தளிப்பை உண்டாக்கும். வலப்பக்கம் வழவழப்பாக இருந்தால் அங்கே படலம் அமைதியாகவே ஓடும். இடப்பக்கத்தில் காற்று தாமதமாகவும் வலப்பக்கத்தில் விரைவாகவும் விலகும். அதனால் சுழல்வால் நேராக அமையாமல் வலப்புறம் சாயும். வால் வலப்புறம் தள்ளப்படும்போது, அதன் எதிர்விளைவாகப் பந்து இடப்புறம் நகரும். கிரிக்கெட்டில் புதிய பந்தின் தையலைச் சாய்த்து வீசி வளையச் செய்வதும் இவ்வகை வேறுபாட்டாலேயே.

ஆனால் கிரிக்கெட் பந்துவீச்சாளர் தையலைத் தாம் விரும்பும் திசையில் நிறுத்துகிறார். கைப்பந்தில் கோடுகள் பல திசைகளில் ஓடுகின்றன. பந்து பறக்கையில் மெல்லத் திரும்பினாலும் காற்றை எதிர்கொள்ளும் கோடுகள் மாறுகின்றன. தள்ளும் திசையும் மாறுகிறது. இடப்புறம் நகர்ந்த பந்து வலப்புறம் திரும்பலாம். ஆகவே பந்து எப்பக்கம் செல்லும் என்பது அடித்தவருக்கே தெரியாது.

இதில் சுழற்சியின் பங்கு என்ன? பக்கவாட்டு விசை பந்தின் எடையில் கால் பங்கு எனக் கொள்வோம். அவ்விசை ஒரே திசையில் 0.4 நொடி நீடித்தால், பந்து சுமார் 20 செ.மீ. விலகும். அது ஏறத்தாழ பந்தின் விட்டத்துக்குச் சமம். இப்போது பந்து தையற்கோடுகள் இடம் வலமாக மாறும்படி நொடிக்கு 5 முறை சுழல்கிறது என்போம். அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் 0.1 நொடி. ஒருபுறம் தள்ளிய விசை, அடுத்த 0.1 நொடியில் மறுபுறம் தள்ளும். ஒவ்வொரு தள்ளலிலும் பந்து ஓரிரு செ.மீ. மட்டுமே அசையும், ஒன்றை மற்றொன்று பெரிதும் ஈடுசெய்துவிடும். வேகமாகச் சுழலும் பந்தில் தையற்கோடுகளின் விளைவுகள் இவ்வாறு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுழலாத பந்தில் அவை சேர்ந்து பெருகுகின்றன. பந்து தள்ளாட ஒருவர் புதிதாக ஏதும் செய்வதில்லை. பந்தை நேராக வைத்திருக்கும் சுழற்சியை அவர் கொடுக்காமல் விடுகிறார், அவ்வளவே.

திறந்த வெளியில் வீசும் காற்றே பந்தைத் தள்ளாடச் செய்கிறது என்று சிலர் கருதுவர். காற்று வீசினால் பந்து விலகும் என்பது உண்மையே. ஆயினும் கதவுகள் அடைத்த உள்ளரங்கிலும் ஃப்ளோட் சர்வீஸ் தள்ளாடுகிறது. அங்கே காற்று அசையாமல் நிற்கிறது. பந்துதான் காற்றைக் கிழித்துச் செல்கிறது.

சுழலும் பந்தின் நேர்மை

ஜம்ப் சர்வீசின் பந்தும் கீழே வளைகிறது. ஆனால் அதன் காரணம் வேறு. முன்னோக்கிச் சுழலும் பந்தின் மேற்பக்கம் எதிர்வரும் காற்றை எதிர்த்து நகர்கிறது. அங்கே காற்று விரைவில் விலகிவிடுகிறது. கீழ்ப்பக்கம் காற்றோடு சேர்ந்து நகர்கிறது; அங்கே காற்று நீண்ட தூரம் பற்றிவருகிறது. ஆகவே சுழல்வால் மேல்நோக்கிச் சாய்கிறது. பந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ஹைன்ரிக் குஸ்தாவ் மேக்னஸ் பெயரால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது.

சுழற்சியின் திசை மாறாததால், இத்தள்ளலின் திசையும் வழிநெடுகிலும் மாறுவதில்லை. இதனாலேயே அவ்வளவு வேகமான பந்து வலையைத் தாண்டிய பின்னும் களத்துக்குள் விழுகிறது. ஓங்கி அடித்த பந்துக்கு இச்சுழற்சி இல்லையெனில், வலைக்கு மேலே போதிய இடைவெளி விட்டு அடிக்கும்போது அது எதிர்க்கோட்டைத் தாண்டிவிடும் அபாயம் பெரிது. ஜம்ப் சர்வீசின் பந்து வேகமானது, ஆனால் கணிக்கத்தக்கது. எடுப்பவருக்கு நேரம் இல்லை என்பதே அவருடைய இடர்ப்பாடு. ஃப்ளோட் சர்வீசில் நேரம் உண்டு, கணிப்பு இல்லை.

ஆட்டத்தில் ஒரு முடிவு

ஐந்தாம் செட்டில் உங்கள் அணி 14–13 என முன்னிலையில் இருக்கிறது. சர்வீஸ் உங்களுடையது என்று கொள்வோம். இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் வெற்றி. ஜம்ப் சர்வீஸ் சரியாக அமைந்தால் பந்து எடுக்க முடியாதபடி பாயும். ஆனால் உயரமான எறிதல், ஓட்டம், துள்ளல், மணிக்கட்டு ஆகிய அனைத்தும் ஒரே கணத்தில் இசைய வேண்டும். ஒன்று பிசகினாலும் பந்து வலையில் சிக்கும் அல்லது வெளியே போகும். 14–14 ஆகிவிடும்.

ஃப்ளோட் சர்வீசில் பிசகுவதற்குரிய இடங்கள் குறைவு. எதிரணியினர் பந்தை எடுக்கக்கூடும். ஆயினும் இரு முன்கைகளையும் சேர்த்து அமைக்கும் தளம் ஏறத்தாழ பந்தின் அகலமே உள்ளது. பந்து 20 செ.மீ. விலகினால் அது தளத்தின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். எடுத்தாலும் பந்து செட்டரிடம் நேராகச் செல்லாது. அவர்களின் தாக்குதல் வலுவிழக்கும்.

எதிரணியும் சும்மா இருப்பதில்லை. அறிவுள்ள ஆட்டக்காரர் ஃப்ளோட் சர்வீஸ் வருவதைக் கண்டதும் சற்று முன்னே நகர்வார். பந்து சரியும் முன்பே தலைக்கு மேல் விரல்களால் அதனை எடுத்துவிடுவார். பந்து தள்ளாடுவதற்குரிய நேரத்தை அவர் குறைத்துவிடுகிறார். அதனை உணர்ந்த சர்வீஸ் ஆட்டக்காரர், அடுத்த பந்தைக் களத்தின் பின்பகுதிக்கு ஆழமாக அனுப்புவார்.

பிழையை அறிவது எப்படி?

அடித்த பந்து உண்மையில் சுழலவில்லையா என்பதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பந்தில் காற்று அடைக்கும் வால்வைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டம் உங்களை நோக்கி இருக்குமாறு பந்தைப் பிடித்து அடியுங்கள். பறக்கும் பந்தில் வட்டம் அசையாமல் தெரிந்தால் அடி சரி. வட்டம் மேலேறி முன்பக்கம் மறைந்தால், மணிக்கட்டு மடங்கியுள்ளது அல்லது கை பந்தின் மேல்பகுதியில் பட்டுள்ளது. வட்டம் பக்கவாட்டில் ஓடினால், கை பந்தின் நடுவில் படவில்லை. கையில் இருந்து விடும்போதே பந்து சுழன்றால், பிழை அடியில் இல்லை, தூக்கிவிட்டதில் உள்ளது.

சொல்லும் பொருளும்

எல்லைப்படலம் – பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்று அடுக்கு
சுழல்வால் – பறக்கும் பந்தின் பின்னே உண்டாகும் சுழல் நிறைந்த பகுதி
காற்றுத்தடை – இயங்கும் பொருளைக் காற்று பின்னிழுக்கும் விசை
எல்லைவேகம் – காற்றுத்தடை திடீரென மாறும் வேகம்
தையற்கோடு – பந்தின் தோல் துண்டுகள் சேரும் கோடு

மதிப்பீடு

1. ஈபிள், கோட்டிங்கன் ஆய்வகத்தார் ஆகிய இருவரின் அளவுகளும் வேறுபட்டதற்குக் காரணம் யாது?
2. வேகம் குறைந்த பந்தைக் காற்று முன்னைவிட வலிமையாக இழுப்பது ஏன்? பாடத்தில் உள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
3. ஜம்ப் சர்வீஸ், ஃப்ளோட் சர்வீஸ் ஆகிய இரண்டிலும் பந்து கீழே இறங்குகிறது. காரணங்களை வேறுபடுத்திக் காட்டுக.
4. ‘பந்து எப்பக்கம் செல்லும் என்பது அடித்தவருக்கே தெரியாது.’ இக்கூற்றின் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

செய்து பார்ப்போம்

காற்று வீசாத காலை வேளையிலோ உள்ளரங்கிலோ நண்பர் ஒருவருடன் பத்து முறை ஃப்ளோட் சர்வீஸ் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் சாக்கட்டி வட்டம் அசைந்ததா, பந்து எப்பக்கம் விலகியது என்பதை நண்பர் குறித்துக்கொள்ளட்டும். வட்டம் அசையாத பந்துகளையும் அசைந்த பந்துகளையும் ஒப்பிட்டு, நீங்கள் கண்டதைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.